டிசம்பர் 5 அன்று சூரியன் எங்கே நிற்கிறது?

கேள்வி: நான் பிறந்தது டிசம்பர் 5. ஆங்கில நாளிதழ் ராசிபலனில் எனக்குத் தனுசு என்று போடுகிறார்கள். அதே நாள் தமிழில் கார்த்திகை மாதம், சூரியன் விருச்சிகத்தில் இருக்கிறது என்கிறது பஞ்சாங்கம். இப்போது ஒபியூக்கஸ் என்று 13-ஆவது ராசி வந்துவிட்டது, நீ அதில்தான் வருவாய் என்று தோழி ஒரு செய்தியை அனுப்பியிருக்கிறாள். மூன்றில் எது சரி? பூமி தள்ளாடுவதால் ராசிகள் மாறிவிட்டன என்பது உண்மையா?

பதில்:

மூன்றுமே சரி, ஆனால் மூன்றும் ஒரே கேள்விக்கான விடைகள் அல்ல. டிசம்பர் 5 அன்று சூரியன் வானத்தில் ஓர் இடத்தில்தான் நிற்கிறது. அந்த இடத்தை வசந்த கால சம இரவுப் புள்ளியிலிருந்து, அதாவது மார்ச்சில் பகலும் இரவும் சமமாகும்போது சூரியன் நிற்கும் இடத்திலிருந்து அளந்தால் ஏறத்தாழ 253 பாகை வரும், அது தனுசு. விண்மீன்களோடு பிணைத்த ஒரு தொடக்கப் புள்ளியிலிருந்து அளந்தால் ஏறத்தாழ 229 பாகை வரும்; அது விருச்சிகம். எந்த அளவுகோலையும் வைக்காமல், சூரியனுக்குப் பின்னால் உள்ள வானப் பகுதிக்கு இன்றைய வானியலாளர் வைத்திருக்கும் பெயர் என்ன என்று கேட்டால் ஒபியூக்கஸ். முதல் இரண்டும் ராசிகள். மூன்றாவது ஒரு விண்மீன் குழு. தோழி அனுப்பிய செய்தி இவ்விரு சொற்களையும் ஒன்றாக்கிவிட்டது. குழப்பம் முழுவதும் அங்கிருந்துதான் கிளம்புகிறது.

விளக்கத்துக்குள் போகும் முன் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். நம் வீடுகளில் “உன் ராசி என்ன?” என்று கேட்டால் அது பிறந்தபோது சந்திரன் இருந்த ராசியைக் குறிக்கும். ஆங்கில நாளிதழ்கள் பிறந்த தேதியை வைத்துச் சொல்வது சூரியன் இருந்த ராசியை. சந்திரன் ஒரு ராசியை ஏறத்தாழ இரண்டேகால் நாளில் கடந்துவிடுவதால், பிறந்த தேதியை மட்டும் கொண்டு ஜாதக ராசியைச் சொல்ல முடியாது. உங்கள் ஜாதகத்தில் எழுதியிருக்கும் ராசியைப் பற்றி அந்தச் செய்தி எதுவுமே சொல்லவில்லை. இனி நான் சொல்வதெல்லாம் சூரியனைப் பற்றியது.

சூரியன் ஓராண்டில் விண்மீன்களின் பின்னணியில் ஒரு முழு வட்டம் சுற்றி வருவதுபோல் நமக்குத் தோன்றுகிறது. அந்தப் பாதையைச் சூரிய வீதி என்று வைத்துக்கொள்வோம். ராசி என்பது இந்த வீதியில் போட்ட அளவுக் குறி: 360 பாகையை 12-ஆல் வகுத்த 30 பாகைத் துண்டு. இந்த 12 என்ற எண் வானத்தை எண்ணிப் பார்த்துக் கிடைத்ததன்று. பாபிலோனியரின் முல்.அபின் என்ற களிமண் பலகைத் தொகுப்பு, சந்திரன் செல்லும் வழியிலுள்ள விண்மீன் குழுக்களைப் பட்டியலிடுகிறது. அதில் இருப்பவை, எண்ணும் முறையைப் பொறுத்து, 17 அல்லது 18. நாம் கார்த்திகை என்று சொல்லும் விண்மீன் கொத்து அதில் தனி உருப்படியாகவே இருக்கிறது. அதே பாபிலோனியர்தாம் கி.மு. 5-ஆம் நூற்றாண்டு வாக்கில், கோள்களின் இடத்தைக் கணக்கில் எழுதுவதற்கு வசதியாக, வீதியைச் சமமான 12 துண்டுகளாக்கினார்கள். ஆண்டுக்கு 12 மாதம், மாதத்துக்கு 30 நாள் என்ற அவர்களுடைய கணக்கு ஆண்டோடு அது பொருந்தியது. ஒவ்வொரு துண்டுக்கும் அதனருகே தெரிந்த ஒரு குழுவின் பெயரை வைத்தார்கள். ஆகவே ராசி பிறந்த அன்றே அது குழுவிலிருந்து வேறுபட்டதுதான். பெயரை மட்டும் கடன் வாங்கியது.

விண்மீன் குழுக்களோ ஒரே அளவானவை அல்ல. இன்றைய எல்லைகளின்படி சூரியன் கன்னிக் குழுவைக் கடக்க ஒன்றரை மாதம் ஆகிறது: செப்டம்பர் 16 வாக்கில் நுழைந்து அக்டோபர் இறுதியில்தான் வெளியேறுகிறது. விருச்சிகக் குழுவில் அது தங்குவது ஒரே ஒரு வாரம், நவம்பர் 23 முதல் 29 வரை. பிறகு டிசம்பர் 17 வரை ஒபியூக்கஸ். ஏழு நாள் ஒன்று, நாற்பத்தைந்து நாள் ஒன்று என்று இருக்கும் துண்டுகளைக் கொண்டு எவரும் கணக்குப் போட முடியாது. சமத் துண்டுகள் தேவைப்பட்டதன் காரணம் இதுவே.

அடுத்தது பூமியின் தள்ளாட்டம். இதை ஒரே ஒரு விண்மீனைத் தொடர்ந்து சென்றால் எளிதாகப் பிடித்துவிடலாம். அந்த விண்மீன் நமக்கு நன்கு தெரிந்த சித்திரை. ஐரோப்பியர் ஸ்பைகா என்பார்கள். சூரிய வீதிக்கு இரண்டு பாகை அருகில் இருக்கும் பிரகாசமான மீன். சித்திரை மாதப் பௌர்ணமி நிலவு அதனருகே நிற்பதால்தான் மாதத்துக்கே அப்பெயர்.

கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் டிமோகாரிஸ் என்பவர் இந்த மீனின் இடத்தை அளந்தார். இலையுதிர் கால சம இரவுப் புள்ளிக்கு 8 பாகை மேற்கே அது நிற்பதாக அவருடைய அளவு காட்டியது. ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு கழித்து கிரேக்க வானியலாளர் ஹிப்பார்க்கஸ் அதையே மறுபடி அளந்தார். அவர் கையாண்ட வழி மிக நுட்பமானது. சம இரவுப் புள்ளி என்பது வானத்தில் கண்ணுக்குத் தெரியும் பொருளன்று. சூரியனைக் கொண்டுதான் அதைக் கணிக்க முடியும். ஆனால் சூரியன் இருக்கும்போது விண்மீன் தெரியாது. எனவே அவர் சந்திர கிரகணங்களைப் பயன்படுத்தினார். கிரகணத்தின் நடுவில் சந்திரன் சூரியனுக்கு நேர் எதிரே 180 பாகையில் நிற்கிறது. சூரியனின் இடம் கணக்கில் தெரியும். ஆகவே சந்திரனின் இடமும் தெரிந்துவிடும். அந்த மங்கிய சந்திரனிலிருந்து சித்திரை மீன் எத்தனை பாகை தள்ளியிருக்கிறது என்று அளந்தால் போதும். அவருக்குக் கிடைத்த விடை 6 பாகை. இரண்டு பாகை நகர்ந்திருந்தது. ஒரு மீன் மட்டும் தனியே நகர்ந்ததா, அளவிட்ட புள்ளியே நகர்ந்ததா என்ற கேள்விக்கு, புள்ளிதான் நகர்கிறது, நூறாண்டுக்கு ஒரு பாகைக்குக் குறையாமல் நகர்கிறது என்ற முடிவுக்கு அவர் வந்தார்.

இன்று அதே மீனை அதே புள்ளியிலிருந்து அளந்தால் அது 24 பாகை கிழக்கே இருக்கிறது. மேற்கே 6, கிழக்கே 24. ஆக ஹிப்பார்க்கஸ் காலத்திலிருந்து இன்றுவரை 30 பாகை, அதாவது சரியாக ஒரு முழு ராசி. ஏறத்தாழ 2,150 ஆண்டில் 30 பாகை என்றால் ஒரு பாகைக்கு 72 ஆண்டு. முழுச் சுற்றுக்கு ஏறத்தாழ 25,800 ஆண்டு. பூமி நடுப்பகுதியில் சற்றே புடைத்திருக்கிறது. துருவ ஆரத்தைவிட நடுக்கோட்டு ஆரம் 21 கிலோமீட்டர் அதிகம். அந்தப் புடைப்பைச் சூரியனும் சந்திரனும் சாய்வாக இழுப்பதால், பூமியின் அச்சு சுழலும் பம்பரத்தின் தலைபோல் மெல்ல வட்டமிடுகிறது. அச்சு திரும்பினால் சம இரவுப் புள்ளியும் சூரிய வீதியில் மேற்கு நோக்கி நகரும். இதற்கு நம் நூல்கள் வைத்த பெயர் அயன சலனம்.

இந்த நகர்வு தெரிந்த பிறகு அளவுகோலின் தொடக்கத்தை எதோடு கட்டுவது என்று ஒரு முடிவு எடுத்தாக வேண்டியிருந்தது. கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் வானியலாளர் தாலமி அதைப் பருவங்களோடு கட்டினார்: சூரியன் வசந்த சம இரவுப் புள்ளிக்கு வரும் கணமே மேஷத்தின் தொடக்கம், விண்மீன்கள் எங்கே இருந்தாலும் சரி. இது சாயன முறை. மேற்கத்திய ராசிகள் எல்லாம் இதன்படிதான். இந்திய மரபு விண்மீன்களோடு கட்டியது. அது நிராயண முறை. இரண்டு தொடக்கங்களுக்கும் இடையே உள்ள தூரம் அயனாம்சம் எனப்படும். 1952-இல் மேகநாத் சாகா தலைமையில் இந்திய அரசு அமைத்த நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு, சித்திரை மீன் 180 பாகையில், அதாவது துலாமின் தொடக்கத்தில், நிற்கும்படி அயனாம்சத்தை வரையறுத்தது. இப்போது அது 24 பாகையைச் சற்றே தாண்டியிருக்கிறது. உங்கள் தனுசுக்கும் விருச்சிகத்துக்கும் இடையே இருப்பது இந்த 24 பாகைதான். 253-இலிருந்து அதைக் கழித்துப் பாருங்கள்.

இந்த இடைவெளியை நாம் வேறு பெயரில் ஆண்டுதோறும் கொண்டாடிக்கொண்டும் இருக்கிறோம். சூரியன் வடக்கு நோக்கித் திரும்புவது டிசம்பர் 21 அல்லது 22. சாயன மகரம் அன்று பிறக்கிறது. நிராயண மகரம் பிறக்கும் தை முதல் நாளோ ஜனவரி 14 அல்லது 15-இல் வருகிறது. உத்தராயணம் தை முதல் நாள் தொடங்குகிறது என்று நாம் சொல்வது, கி.பி. 3-ஆம் நூற்றாண்டின் இறுதியில், அயனாம்சம் சுழியாக இருந்த காலத்தில், வானத்தோடு அப்படியே பொருந்தியிருந்தது. பள்ளியில் படித்த கடக ரேகையையும் நினைத்துக்கொள்ளலாம். ஜூன் 21 அன்று சூரியன் அந்த ரேகைக்கு நேர் மேலே நிற்கிறது. அன்று சாயனக் கடகம் பிறப்பதால் அந்தப் பெயர். ஆனால் அன்று சூரியனுக்குப் பின்னால் இருப்பது கடகக் குழு அன்று, ரிஷபத்துக்கும் மிதுனத்துக்கும் இடைப்பட்ட எல்லை.

இங்கே பலர் ஒரு தவறு செய்கிறார்கள். நிராயணம் விண்மீன்களோடு கட்டப்பட்டது என்பதால் நம் ராசிகளும் விண்மீன் குழுக்களும் ஒன்றே, மேற்கத்தியர்தாம் தவறிவிட்டார்கள் என்று பெருமையாகச் சொல்வார்கள். அது சரியன்று. கட்டப்பட்டது அளவுகோலின் தொடக்கம் மட்டுமே. அதன் பிறகு வருவது அதே 30 பாகைச் சமத் துண்டுகள்தாம். நட்சத்திரப் பிரிவுகளிலும் இதே நிலைதான். கேட்டை என்பது விருச்சிகத்தின் நெஞ்சில் சிவப்பாக எரியும் மீன். ஐரோப்பியர் அதை அன்டாரிஸ் என்பார்கள். அதன் நிராயண இடம் ஏறத்தாழ 225 பாகை 55 கலை; ஒரு பாகைக்கு 60 கலை. ஆனால் 13 பாகை 20 கலை வீதம் வகுத்த கணக்கில் கேட்டைப் பிரிவு தொடங்குவது 226 பாகை 40 கலையில். ஆகவே கேட்டை என்ற மீன், சித்திரையை ஆதாரமாகக் கொண்ட இந்தக் கணக்கின்படி, அனுஷம் என்ற பிரிவுக்குள் நிற்கிறது. இதைப் பஞ்சாங்கத்தின் பிழை என்று சொல்வது நியாயமாகாது. பிரிவு என்பது கணக்கு, மீன் என்பது அதற்குப் பெயர் தந்த அடையாளம். அடையாளம் எல்லைக்குச் சற்றே வெளியே விழுந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இனி ஒபியூக்கஸ். புதிதாக எவரும் கண்டுபிடித்ததன்று அது. இரு கைகளாலும் பாம்பைப் பற்றி, விருச்சிகத்தின் மேல் கால் வைத்து நிற்கும் ஆளாகக் கிரேக்கர்கள் கற்பனை செய்த குழு. தாலமி தம் நூலில் பட்டியலிட்ட 48 குழுக்களில் அதுவும் ஒன்று. அதைவிட முக்கியம், அந்தப் பட்டியலில் அவர் ஒபியூக்கஸின் விண்மீன்களுக்கு இடம் எழுதியிருக்கும் விதம்: சிலவற்றை விருச்சிகத்தில் இத்தனை பாகை, சிலவற்றைத் தனுசில் இத்தனை பாகை என்கிறார். ஒரு குழுவின் மீன்கள் வேறொரு பெயருடைய ராசியில் இருப்பதில் அவருக்கு எந்த முரண்பாடும் தெரியவில்லை. ஒபியூக்கஸின் கால் சூரிய வீதிக்குக் குறுக்கே நீட்டிக்கொண்டிருப்பதை அறிந்தே அவர் ராசிகளைப் பன்னிரண்டாக வைத்துக்கொண்டார்.

அப்படியானால் “சூரியன் ஒபியூக்கஸில் 18 நாள் இருக்கிறது” என்ற துல்லியம் எங்கிருந்து வந்தது? 1930-இலிருந்து. அதற்கு முன் விண்மீன் குழுக்களுக்கு உறுதியான எல்லை கிடையாது. ஒவ்வொரு வரைபடமும் தன் விருப்பம்போல் வளைகோடு போட்டிருக்கும். புதிதாகக் கண்ட ஒரு விண்மீனை எந்தக் குழுவின் பெயரால் அழைப்பது என்பதில் இதனால் சிக்கல் வந்தது. சர்வதேச வானியல் ஒன்றியம் 88 குழுக்களை ஏற்றுக்கொண்டபின், பெல்ஜிய வானியலாளர் யூஜின் டெல்போர்ட் அவற்றுக்கு எல்லை வரையும் பணியை முடித்தார். கோடுகள் எல்லாம் 1875-ஆம் ஆண்டின் வான அட்சரேகைக்கும் தீர்க்கரேகைக்கும் இணையாகப் போகும் நேர்கோடுகள். சர்வேயர் நிலத்தை அளந்து கல் நடுவது போன்ற வேலை அது. சோதிடத்தை ஆதரிக்கவோ எதிர்க்கவோ அங்கே யாரும் உட்காரவில்லை.

அந்தக் கல் எங்கே விழுந்தது என்பதைப் பாருங்கள். டிசம்பர் 1 அல்லது 2-ஆம் தேதி சூரியன் கேட்டை மீனுக்கு நேராக, நாலரை பாகை வடக்கே கடக்கிறது. விருச்சிகத்தின் நெஞ்சுக்கு மிக அருகே சூரியன் வரும் நாள் ஆண்டில் அதுதான். ஆனால் எல்லைக் கோட்டின்படி சூரியன் அதற்கு ஓரிரு நாள் முன்பே விருச்சிகக் குழுவை விட்டு ஒபியூக்கஸுக்குள் போய்விட்டது. கோட்டைச் சற்று வேறு விதமாக வரைந்திருந்தால் இந்த நாட்களின் எண்ணிக்கை மாறியிருக்கும். வானத்தில் எதுவும் மாறியிருக்காது.

2011 ஜனவரியில் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நாளிதழ் ஒன்றில் பார்க் குங்கிள் என்ற வானியல் ஆசிரியர் சொன்னவை வெளிவந்து, இந்தப் பேச்சு உலகெங்கும் பரவியது. 2016-இல் சிறுவர்களுக்காக நாசா நடத்தும் ஒரு பக்கத்திலிருந்த விளக்கத்தை எடுத்து “நாசா ராசியை மாற்றிவிட்டது” என்று மறுபடி கிளப்பினார்கள். தான் எந்த ராசியையும் மாற்றவில்லை, கணக்கை மட்டுமே சொன்னதாக நாசா விளக்க வேண்டியதாயிற்று. இச்செய்திகள் தொடர்பற்ற இரண்டு விஷயங்களை ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகின்றன. அயன சலனம் தேதிகளைத் தள்ளிப்போடுகிறது. அது எந்தப் புதிய குழுவையும் சூரிய வீதிக்குக் கொண்டுவருவதில்லை, ஏனென்றால் அந்த வீதியும் அதன் பின்னணி மீன்களும் இந்தக் கால அளவில் ஏறத்தாழ அசையாமலே இருக்கின்றன. ஒபியூக்கஸ் தாலமி காலத்திலும் அதே இடத்தில்தான் இருந்தது. “பூமி தள்ளாடியதால் 13-ஆவது ராசி வந்தது” என்ற வாக்கியம் இந்த ஒரு காரணத்தாலேயே தவறு.

எல்லைக் கோடே அளவு என்று பிடிவாதமாக நின்றால் 13-இலும் நிற்க முடியாது. சூரிய வீதி திமிங்கலக் குழுவின் ஒரு மூலைக்குக் கால் பாகைக்கும் குறைவான தூரத்தில் செல்வதால், மார்ச் மாத இறுதியில் சூரிய வட்டத்தின் ஓர் ஓரம் அந்தக் குழுவுக்குள் நுழைந்து போகிறது. சந்திரன் வீதிக்கு ஐந்து பாகை வரை மேலும் கீழும் விலகும். அது மிருகசீரிடமும் திருவாதிரையும் அடங்கிய ஓரையன் குழுவிலும் அவ்வப்போது கால் வைத்துச் செல்கிறது. அவற்றுக்கெல்லாம் ராசி கொடுத்துக்கொண்டே போனால் பாபிலோனியரின் பழைய பட்டியலுக்கே திரும்பிவிடுவோம்.

சோதிடம் பலிக்குமா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆயினும் அதை மறுக்க விரும்புவோர் ஒபியூக்கஸை ஆயுதமாக எடுக்கும்போது எனக்கு வருத்தமே ஏற்படுகிறது. எந்த முறையும் தான் சொல்லாத ஒன்றுக்காகக் குற்றவாளியாகக் கூடாது. ராசி என்பது விண்மீன் குழு என்று சாயன முறை ஒருபோதும் சொன்னதில்லை. நியாயமாகக் கேட்கக்கூடிய கேள்வி வேறு. ஒரே நாளில் பிறந்த ஒருவரின் சூரியனுக்கு ஒரு முறை தனுசின் குணத்தையும் மற்றொரு முறை விருச்சிகத்தின் குணத்தையும் சொல்கிறது. இரண்டும் ஒரே உருவப் பெயர்களைத்தான் பயன்படுத்துகின்றன. குணம் பருவத்தோடு ஒட்டியதா, விண்மீன்களோடு ஒட்டியதா? இதற்கு இரு தரப்பினரும் பதில் சொல்ல வேண்டும். என் பார்வையில் இதுவரை எந்தத் தரப்பும் திருப்தியான விடை தரவில்லை.

இவற்றை நீங்களே சரிபார்க்கலாம். ஸ்டெல்லேரியம் என்ற இலவச மென்பொருளைக் கணினியில் நிறுவி, தேதியை டிசம்பர் 5, நேரத்தை நண்பகல் என்று வையுங்கள். `A` விசையை அழுத்தினால் பகல் வெளிச்சம் அகன்று சூரியனோடு விண்மீன்களும் தெரியும். `B` அழுத்தினால் டெல்போர்டின் எல்லைக் கோடுகள் வரும். `,` அழுத்தினால் சூரிய வீதி வரும். சூரியனைச் சொடுக்கினால் அது ஒபியூக்கஸ் எல்லைக்குள் இருப்பதையும், கேட்டை மீன் அதற்குச் சற்று மேற்கே, தெற்கில் இருப்பதையும் காண்பீர்கள். அப்படியே ஆண்டை மட்டும் கி.மு. 130-க்குத் தள்ளி, சித்திரை மீனுக்கும் சம இரவுப் புள்ளிக்கும் இடையே உள்ள ஆறு பாகையைத் தேடிப் பாருங்கள்.

கண்ணால் பார்ப்பதற்கு ஜூன் இறுதி நல்ல காலம். இரவு ஒன்பது, பத்து மணிக்குத் தெற்கே பார்த்தால் விருச்சிகம் வாலைச் சுருட்டிக்கொண்டு தெளிவாக நிற்கும். நடுவில் சிவந்திருப்பது கேட்டை. அதற்கு மேலே, உச்சியை நோக்கி, அதிகப் பிரகாசமில்லாத மீன்களால் ஆன ஒரு பெரிய வெற்றிடம்போல் தெரியும். டிசம்பர் 5 அன்று சூரியன் நிற்கும் இடம், அந்த வெற்றிடத்தின் அடி ஓரத்தில், கேட்டைக்குச் சற்றுக் கிழக்கே இருக்கிறது.